ஜமீலா எழுதிய ‘அப்பா’

என் அப்பாவிடம் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு யாரும் சும்மா போய்விட முடியாது. கையைப் பிடித்து நிறுத்தி, “நீங்க எந்த ஊரு?” என்று கேட்பார். காய்கறிக்காரரையும் கேட்பார், பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தவரையும் கேட்பார். சொந்தக்காரர் வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் பெரியம்மாவையே கேட்டு, அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கியவர் அவர். எனக்கு அப்போதெல்லாம் மானம் போகும். இப்போதோ, அந்தக் கேள்வியை அவர் கேட்காமல் விட்ட ஒரே ஒரு நாள்தான் நினைவில் நிற்கிறது.

அப்பாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை. கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ராஜபாளையத்தில் இருந்து தினமும் காலை பஸ் ஏறிப் போவார். பெயருக்குத்தான் டைப்பிஸ்ட். வருகிறவர்கள் அழுதுகொண்டும் கத்திக்கொண்டும் சொல்வதைக் கேட்டு, அதை நீதிபதிக்குப் புரிகிற தமிழில் எழுதித் தருவதுதான் உண்மையான வேலை. அங்கேதான் இந்த ஊர்ப் பைத்தியம் பிடித்தது.

அவர் சொன்ன கதை ஒன்று. வன்னியம்பட்டியில் இருந்து வந்த ஒருவர், “இது எங்க ஐயா வாங்குன நெலம்” என்றார். அப்பாவும் தகப்பனார் என்று டைப் அடிக்கப் போனார். எங்கள் பக்கத்தில் பெற்ற தகப்பனை ஐயா என்பவர்கள் நிறையப் பேர். அந்த ஆளின் பேச்சில் எங்கேயோ ஒன்று இடித்ததாம். “உங்க ஐயாவுக்கு ஐயாவை என்னன்னு கூப்பிடுவீக?” என்று கேட்டிருக்கிறார். அவர் விழித்தார். பிறகுதான் தெரிந்தது, வளர்ந்தது காரைக்குடிப் பக்கம் என்பது. அவர் வீட்டில் தகப்பனார் அப்பச்சி, தகப்பனாரைப் பெற்றவர் ஐயா. அப்படியானால் நிலம் தாத்தா வாங்கியது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்குள் முடிய வேண்டிய பாகத்தில் சித்தப்பா, அத்தை வகையறா எல்லாம் வந்து உட்காரும். ஒரு சொல்லை மாற்றி அடித்திருந்தால் வழக்கே வேறு வழக்கு.

அதே அப்பச்சியைக் கொஞ்சம் மாற்றி அப்புச்சி என்று கோயமுத்தூர்ப் பக்கம் சொன்னால் அம்மாவைப் பெற்ற தாத்தா. அகதிகள் முகாமில் இருந்து வந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, “அவர் என்னைப் பேசினவர்” என்று சொன்னதை வேறு யாரோ ‘என்னிடம் பேசினார்’ என்று எழுதிக் கொடுத்து, பேசியதற்கா புகார் என்று எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அவர்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது. அப்பா அதைத் திருத்தி எழுதிக் கொடுத்தார். “அந்த அம்மா அழுதுட்டு நிக்கி, இவனுக பல்லைக் காட்டுதானுக” என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி ஆத்திரப்படுவார்.

இதற்கெல்லாம் அவர் கண்டுபிடித்து வைத்திருந்த வழி ஒன்றுதான். “ஒரு சொல்லைத் தனியா நிறுத்திக் கேட்டா அது வாயைத் தொறக்காது. அதோட சேக்காளியையும் கூப்பிட்டுக் கேக்கணும்” என்பார். அதாவது, ஐயா யாரென்று தெரிய வேண்டுமானால் பக்கத்தில் தாத்தாவுக்கு என்ன சொல், அம்மாவுக்கு என்ன சொல், செத்ததற்கு என்ன சொல் என்று பார்க்க வேண்டும். சொற்கள் கூட்டமாகத்தான் ஊரை விட்டுக் கிளம்பும், கூட்டமாகத்தான் வந்து இறங்கும். எனக்கு இது பாடம் மாதிரி மனப்பாடம். அம்மாவுக்கு இதில் எல்லாம் பொறுமை கிடையாது. “சோத்தைத் தின்னுங்க, ஆறுது” என்பதோடு முடித்துக்கொள்வாள்.

நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது ஜமீலா எங்கள் பள்ளிக்கு வந்தாள். தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஊர்க்காரர்கள். அவள் வீட்டார் எங்கள் ஊரில் பேண்டேஜ் துணி வாங்கி வெளியூருக்கு அனுப்புகிற கடை வைத்திருந்தார்கள். டீச்சர் அவளை எழுப்பி, குடும்பத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார். அவள் கையைக் கட்டிக்கொண்டு கணீர் என்று ஆரம்பித்தாள்.

“எங்க அப்பாவுக்குப் பல்லே கிடையாது. கஞ்சிதான் குடிப்பாங்க.”

அன்று காலையில்தான் முப்பத்திரண்டும் பளிச்சென்று தெரிய ஒருவர் அவளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டதை வகுப்பே பார்த்திருந்தது. சிரிப்பு லேசாகக் கிளம்பியது. அவள் அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சொன்னாள்.

“எங்க காக்கா துபாய்ல இருக்காங்க.”

அவ்வளவுதான். பெஞ்சைத் தட்டி, வயிற்றைப் பிடித்து, வகுப்பு இரண்டுபட்டது. பின்வரிசையில் ஒருத்தன் கா கா என்று கத்தினான். டீச்சரே முகத்தைக் கரும்பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஜமீலா அழவில்லை. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில் பக்கத்தில் இருந்த என்னிடம் மெல்லக் கேட்டாள். “உங்க ஊர்ல அப்பான்னா யாரு?”

சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு வகுப்பில் வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நான் இதை வீட்டில் சொன்னபோது அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். ஸ்கூட்டர்காரரை என்னவென்று கூப்பிடுகிறாள்? வாப்பா. அம்மாவை? உம்மா. அண்ணனை? அதான் காக்கா. அப்படியானால் பல்லில்லாத அப்பா, வாப்பாவைப் பெற்றவர். “பாத்தியா! சேக்காளி எல்லாத்தையும் கூப்பிட்டதும் அப்பா யாருன்னு தெரிஞ்சுபோச்சு பாத்தியா!” என்று தொடையைத் தட்டிக்கொண்டார். லாட்டரி விழுந்தவர்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே என்னையும் அம்மாவையும் இழுத்துக்கொண்டு ஜமீலா வீட்டுக்குப் போனார். மற்ற வீடுகளோடு எதனால் வந்த உறவோ, எங்களுக்கு அவர்கள் வீட்டோடு சொல்லால் வந்த உறவு. பெரியவருக்குப் பல் இல்லை என்பதால் வாரம் தவறாமல் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து பால்கோவா வாங்கி வருவார் அப்பா. பெரியவர் அதை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கரைய விடுவார். அவருக்கு மூச்சிரைப்பு. இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்த் திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். அதனால் ஜமீலாவைத் தெருவில் பார்த்தாலும் அப்பா அவர்கள் வழக்கிலேயே, “அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?” என்பார். அவளும், “அப்பா நல்லா இருக்காங்க” என்பாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு பெருமை.

அம்மாவுக்குத்தான் இது எதுவும் ஏறவில்லை. அவளும் ஜமீலாவின் உம்மாவும் பார்த்த வேகத்தில் ஒட்டிக்கொண்டார்கள். அந்த அம்மாவுக்கு இந்த ஊரில் சொந்தம் என்று ஒரு குஞ்சு கிடையாது. சந்தைக்கும் தையல் கடைக்கும் அம்மாவோடுதான் போவார். ஆனால் ஜமீலா “வாப்பா வந்துட்டாங்க” என்றால் அம்மா ஒவ்வொரு முறையும், “யாரு தாயி, தாத்தாவா?” என்பாள். “உங்க அப்பா யாரு, தாத்தா யாருன்னு எனக்கு நேராச் சொல்லு. எனக்கு இந்த வெவகாரமெல்லாம் வெளங்காது.” ஜமீலா சலித்துக்கொள்ளவே மாட்டாள். கையை நீட்டிக் காட்டுவாள். ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருப்பவர் பக்கம் விரல் போகும். “அவங்கதான் வாப்பா.” பிறகு கட்டில் பக்கம். “அவங்க அப்பா.” அந்த வாப்பாவும் துடைக்கிற துணியோடு நிமிர்ந்து, “நாந்தாம்மா, நாந்தான்” என்று சிரிப்பார்.

அந்த நாள் ஒரு சனிக்கிழமை. எனக்குப் பள்ளி இல்லை. அம்மா மாவாட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் கூவியது. ஜமீலாவுடைய உம்மாவின் எண்ணில் இருந்து செய்தி. ஜமீலாதான் எப்போதும் அதில் தட்டி அனுப்புவாள், வீட்டுப்பாடம் கேட்க. நான் எடுத்துப் பார்ப்பதற்குள் அம்மா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வாசித்தவள் கத்தினாள்.

“ஐயையோ, என்னத்தப் போட்ருக்கா இந்தப் புள்ள!”

எட்டிப் பார்த்தேன். ‘அப்பா இறந்துட்டாங்க. அம்மா தனியா இருக்காங்க. நீங்க உடனே வாங்க.’

அம்மா கிரைண்டரை நிறுத்தவில்லை. சேலையை உதறிச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிவிட்டாள். மாட்டிக்கொண்டே அவர்கள் எண்ணுக்குக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. பிறகுதான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அப்பாவைக் கூப்பிட்டாள். அந்த நிமிஷம் எனக்கு இன்றும் அப்படியே கண்ணில் நிற்கிறது. ஒரு கால் வாசற்படிக்கு வெளியே. போன் காதில். கன்னத்தில் மாவு.

“என்னங்க, ஜமீலாகிட்ட இருந்து தகவல் வந்திருக்கு. அப்பா இறந்துட்டாங்கன்னு போட்ருக்கா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல…”

அப்பாவின் குரல் எனக்கே கேட்டது. சத்தமாகப் பேசுவார். “ஏட்டி, பதறாத. அவிய வீட்டுல அப்பான்னா யாரு? பெரியவரு. பாவம், எம்புட்டு நாளா இழுத்துக்கிட்டுக் கெடந்தாரு, போயிட்டாரு போல.”

அம்மா மூச்சை விட்டாள். “அட ஆமா! நான் ஒரு கூறுகெட்டவ. அந்தப் பாய்க்குத்தான் ஏதோ ஆயிப்போச்சோன்னு பயந்துட்டேன்.”

“கையில ஒரு அவசர மனு இருக்கு. அடிச்சுக் குடுத்துட்டு மத்தியானம் வாரேன். சேந்து போவோம். நீ இப்பப் போயி என்ன செய்யப் போற? ஆம்பளைக வெளி வேலைக்கு அலைவாக, பொம்பளைக நெறைய இருப்பாக.”

அம்மா செருப்பைக் கழற்றினாள். கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

பெரியவர் போய்விட்டார் என்று எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் ஜமீலாவின் வாப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்பதில் பெரிய நிம்மதி. அம்மா மாவை வழித்து வைத்தாள். சோறு வடித்தாள். ‘அம்மா தனியா இருக்காங்க’ என்பதை மட்டும் இரண்டு தடவை எடுத்து எடுத்து வாசித்தாள். “புருசன் அடக்கத்துக்கு ஏற்பாடு பண்ணப் போயிருப்பாரு, அதைச் சொல்லுதா புள்ள” என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அப்பா சொன்னபடி மத்தியானம் வந்தார். பால்கோவாக் கடையில் பழக்கத்தில் நின்றுவிட்டு, வாங்காமல் வந்ததாகச் சொன்னார். ஜமீலாவின் வாப்பாவைப் போனில் கூப்பிட்டதாகவும், எடுக்காததால் ஆறுதலாக ஒரு செய்தி போட்டுவிட்டதாகவும் சொன்னார். மாலை வாங்கக் கூடாது, அவர்களுக்கு அது வழக்கமில்லை என்று அம்மாவுக்கு எடுத்துச் சொன்னார். இதையெல்லாம் சரியாகச் செய்கிற மனிதர்.

தெரு நிறையச் செருப்பு. பள்ளிவாசலில் இருந்து, உடலைச் சுமந்து போகிற சந்தூக்கைக் கொண்டுவந்து சுவரோரம் இறக்கி வைத்திருந்தார்கள். வெள்ளைத் தொப்பி போட்டவர்கள் சுவரை ஒட்டி நின்றார்கள். அம்மா பெண்கள் பக்கம் போகிற பக்கவாசலில் வேகமாக நுழைந்துவிட்டாள். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்தேன்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

செத்துப்போனவர். நாங்கள் அழுது முடித்தவர். பல்லில்லாத வாய் திறந்திருக்க, கைகள் முட்டியின் மேல் கிடக்க, கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். “அப்பா!” என்று அலறிவிட்டேன். என் அப்பாவைத்தான் கூப்பிட்டேன். ஆனால் நிமிர்ந்தது அவர். பேத்தி கூப்பிட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ, கலங்கிய கண்ணால் என்னைத் தேடி, “வாம்மா” என்றார்.

நான் அப்பாவின் இடுப்பில் முகத்தைப் புதைத்தேன். அவர் பெரியவரையே பார்த்தார். “அப்ப…” என்றார். “அப்ப யாரு?”

உள்ளே இருந்து என் அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது. ஜமீலாவின் உம்மாவுடைய கையைப் பிடித்துக்கொண்டு, வயசானவர் சாவுக்கு எங்கள் பக்கத்தில் சொல்கிற சொல்லை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். “மனசத் தேத்திக்கோங்கக்கா. வாழ்ந்து அனுபவிச்ச உசுரு. கெடந்து சீரழியாமப் போச்சுல்ல, அதுவே பெரிய கொடுப்பினை…”

ஐயோ. இன்றைக்கும் அதை எழுதக் கை கூசுகிறது. ஜமீலாவின் வாப்பா, நாற்பத்தைந்துகூட ஆகாத மனிதர். காலையில் கடையைத் திறந்திருக்கிறார், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறார், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவர் மனைவியிடம், வாழ்ந்து அனுபவித்தவர் என்கிறாள் என் அம்மா. பிறகு என் அம்மா எதிரே கிடத்தியிருந்தவரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவள் அலறிய அலறலில் வெளியே நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். புருஷனைப் பறிகொடுத்தவர்கூட அப்படிக் கத்தவில்லை.

அப்பா நாற்காலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரியவர் அவர் தோளில் கையை வைத்தார். “என் மவனப் பாக்க வந்தியளா? பாருங்க, நான் இருக்கேன். அவன் போயிட்டான்.”

கூட்டத்தை விட்டுத் தள்ளி, ஸ்கூட்டரின் பின்னால் ஜமீலா குந்தியிருந்தாள். கையில் அவள் வாப்பாவின் போன். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழுது முடித்திருந்தாள். போனைத் திருப்பிக் காட்டினாள்.

“உங்க அப்பா வாப்பாவுக்கு அனுப்பியிருக்காங்க. தைரியமா இருக்கச் சொல்லி.”

‘தங்கள் தகப்பனாரின் மறைவு கேட்டு மிகவும் வருந்துகிறேன். நீங்கள்தான் தைரியமாக இருந்து குடும்பத்தைத் தேற்ற வேண்டும்.’ யாருக்கும் எந்த ஊரிலும் குழப்பம் வராத தகப்பனார். கோர்ட்டுக்கு டைப் அடிக்கிற தகப்பனார். அதைச் செத்துப்போனவருக்கு அனுப்பியிருந்தார்.

“நீங்க ஏன் வரலை? உம்மா வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. எங்க ஊர்ல இருந்து எல்லாரும் இப்பத்தான் வந்தாங்க. அதுவரைக்கும் உம்மாகிட்ட யாருமே இல்லை” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அம்மா கழற்றிய செருப்பு ஞாபகம் வந்தது. நாங்கள் பதினைந்து நிமிஷ நடையில் இருந்தோம். மாவு ஆட்டினோம். சோறு வடித்தோம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா கொல்லைப்பக்கம் போய்க் குளித்துவிட்டு வந்தாள். அப்பா அவளுடைய போனை எடுத்து அந்தச் செய்தியை முதல் தடவையாக முழுசாக வாசித்தார். அதுவரை அவர் அதைப் பார்க்கவே இல்லை. அம்மா சொன்ன ஒரு சொல்லைத்தான் கேட்டிருந்தார். கூட என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன, எத்தனை ஆயிரம் பேரைக் கேட்டவர். அந்த வீட்டுச் சொல் அவருக்குத் தெரியும் அல்லவா. தெரிந்த சொல்லை யார் கேட்பார்கள்?

“‘அம்மா தனியா இருக்காங்க’ன்னு போட்ருக்கா” என்றார் அப்பா. குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. “அம்மாவாம். அவ வாயில என்னைக்காச்சும் அம்மான்னு வந்திருக்கா? உம்மான்னுதானே வரும். ‘இறந்துட்டாங்க’ன்னு போட்ருக்கா. அவிய வீட்டுல மௌத்தாயிட்டாங்கன்னுதானே சொல்லுவாக. ஒண்ணுகூட அவ வீட்டுச் சொல்லு இல்லையே. எல்லாம் நம்ம சொல்லு. அப்ப அந்த அப்பாவும் நம்ம அப்பாதானே…” போனை அம்மா பக்கம் நீட்டினார். “மூணு சொல்லும் பக்கத்துல பக்கத்துலதான நிக்கி. ஒரு வார்த்தை, முழுசா வாசின்னு உங்கிட்டச் சொன்னேனா?”

அம்மா தலையைத் துவட்டுவதை நிறுத்தினாள். அவரைத் திட்டியிருந்தால் பரவாயில்லை.

“நான் செருப்ப மாட்டிட்டேன்” என்றாள். “மாட்டின செருப்பக் கழட்ட வச்சிட்டீகளே.”

அப்பா அதன் பிறகு நெடுநாள் யாரையும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. அலுவலகத்தில் வேறு வழியில்லாமல் கேட்டிருப்பார். வீட்டில் அந்தப் பேச்சே நின்றுபோனது. அம்மா மட்டும் நாற்பதாம் நாள் வரைக்கும் தினமும் காலையில் ஜமீலா வீட்டுக்குப் போனாள். போய் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பெரியவருக்கு அப்பா மறுபடி பால்கோவா வாங்கிப் போனார். பெரியவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், வாயில் போடவில்லை.

ஜமீலா பள்ளிக்குத் திரும்பி வந்த அன்று, சத்துணவுக் கூடத்துப் பக்கம் நிழலில் வைத்து அவளைக் கேட்டேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆத்திரம் இருந்தது. எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாமல் இருந்ததற்கு அந்த ஒரு சொல்தான் காரணம் என்று எனக்குப் பட்டது.

“நீ ஏன் அப்பான்னு போட்டே? வாப்பான்னே போட்ருக்கலாம்ல? எங்க அப்பாவுக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

“உங்க அப்பாவுக்கா அனுப்பினேன்? உங்க அம்மாவுக்குல்ல அனுப்பினேன்” என்றாள். “வாப்பான்னு போட்டா யாருன்னு கேப்பாங்க. எப்பவும் கேப்பாங்கதானே. அப்புறம் நான் கையக் காட்டணும்.” தரையைக் கீறினாள். “காட்டுறதுக்கு வாப்பா இல்லையே.”

எனக்கு அது பதிலாகவே படவில்லை. ஏதோ சுற்றி வளைக்கிறாள் என்று நினைத்தேன். மணி அடித்தது, எழுந்து ஓடினோம்.

பத்து வயதுப் பிள்ளை. வீட்டுக்குள் வாப்பா கிடக்கிறார், உம்மா சுவரில் தலையை மோதிக்கொள்கிறார். அந்த நேரத்தில் போனைக் கையில் எடுத்து, யாருக்கு எழுதுகிறேன், அவர்களுக்கு எந்தச் சொல் புரியும் என்று யோசித்திருக்கிறாள். வாப்பாவை எடுத்துவிட்டு அப்பாவை வைத்தாள். உம்மாவை எடுத்துவிட்டு அம்மாவை வைத்தாள். வகுப்பே சிரித்த அன்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட சொல். அவள் எங்கள் சொல்லுக்கு வந்து நின்றாள். நாங்கள் பெரிய அறிவோடு அவள் சொல்லுக்குப் போய் நின்றோம். இது எனக்கு உறைப்பதற்குள் அவர்கள் கடையை மூடி ஊருக்கே போய்விட்டார்கள்.

அந்தச் செய்திக்கு முன்னும் சரி, பின்னால் ஊருக்குப் போகிற நாள் வரைக்கும் சரி, ஜமீலா தன் வாப்பாவை வாப்பா என்றுதான் சொன்னாள். எங்களுக்காக அவள் அவரை அப்பா என்று சொன்னது அந்த ஒரே ஒரு தடவைதான்.